அட்டையில் பத்தா, பதினைந்தா?

மருந்துக்கடையில் கம்ப்யூட்டர் காட்டும் இருப்பும் அலமாரியில் உள்ள இருப்பும் ஒத்துப்போகாவிட்டால், பெரும்பாலான முதலாளிகளுக்கு முதல் சந்தேகம் ஆள் மேல்தான் வரும். யாரோ எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் பில் போடாமல் கொடுத்திருப்பார்கள். அடுத்த சந்தேகம் சாஃப்ட்வேர் மேல். மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த மருந்தைப் பற்றி முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த விவரமே தப்பாக இருக்கலாம்.

அந்த விவரத்துக்குத்தான் ஐட்டம் மாஸ்டர் என்று பெயர். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு முறை பதிவது அது: மருந்தின் பெயர், கம்பெனி, அட்டையில் எத்தனை மாத்திரை, வரி விகிதம், எந்த ரேக், எவ்வளவு குறைந்தால் திரும்ப வாங்க வேண்டும். கொள்முதல் பில்லும் விற்பனை பில்லும் தினமும் நூற்றுக்கணக்கில் போடப்படுகின்றன. மாஸ்டரை மட்டும் ஒரு தடவை பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம். ஆனால் தினமும் போடுகிற ஒவ்வொரு பில்லும் அந்த மாஸ்டரில் இருக்கிற எண்ணை வைத்துத்தான் கூட்டவும் கழிக்கவும் செய்கிறது. அதில் ஒரு கட்டம் தப்பாக இருந்தால், அதன்பின் ஒழுங்காகப் போட்ட பில்லும் தப்பான கணக்கில் போய்ச் சேரும்.

இது எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு மாத்திரையை வைத்துப் பார்க்கலாம். ரத்த அழுத்தத்துக்கான ஒரு மாத்திரை. நெடுநாளாக அட்டைக்கு 10 மாத்திரை, எம்.ஆர்.பி. 30 ரூபாய். மாஸ்டரில் `PACK` என்ற கட்டத்தில் `10` என்று இருக்கிறது. கம்பெனி ஒருநாள் அட்டையை மாற்றி 15 மாத்திரை, 45 ரூபாய் என்று அனுப்புகிறது. ஒரு மாத்திரைக்கு அதே மூன்று ரூபாய்தான். பெயரும் அட்டையின் நிறமும் மாறவில்லை. ஸ்டாக்கிஸ்ட் பில்லில் 20 அட்டை என்று வருகிறது. கடைப் பையன் 20 என்று அடித்து, புது பேட்ச், புது எம்.ஆர்.பி., எக்ஸ்பைரி எல்லாவற்றையும் சரியாகப் பதிகிறான். `PACK` கட்டத்தை அவன் தொடவில்லை. கொள்முதல் திரையில் அது தானாக வந்து நிற்கிற கட்டம். அதைத் தொட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

பழைய அட்டைகள் தீர்ந்துபோயின என்று வைத்துக்கொள்வோம். அலமாரிக்கு வந்தது 20 அட்டை, அதாவது 300 மாத்திரை. கம்ப்யூட்டரின் கணக்கில் 20-ஐப் பத்தால் பெருக்கி 200. அந்த மாதம் 12 பேர் முழு அட்டையாக வாங்கிப் போகிறார்கள். ஐந்து, பத்து என்று உதிரியாக வாங்கியவர்களுக்கு மொத்தம் 90 மாத்திரை, அதாவது ஆறு அட்டை போகிறது. அலமாரியில் மிஞ்சுவது இரண்டு அட்டை. கம்ப்யூட்டரோ 12 அட்டைக்கு 120, உதிரிக்கு 90 என்று 200-லிருந்து 210-ஐக் கழித்துவிட்டு, மைனஸ் 10 என்று காட்டுகிறது.

திண்டுக்கல் பக்கம் ஒரு கடையில் இதே மாதிரி ஒரு மைனஸைப் பார்த்துவிட்டு நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, இது மைனஸ்ல நிக்குது. ஆனா ரேக்குல ரெண்டு அட்டை இருக்கு."

"ஏதோ பர்ச்சேஸ் பில் ஏறல போல. பழைய பில்லைத் தேடிப் பாரு."

"பாத்துட்டேன்ணே. எல்லாம் ஏறிருக்கு."

"அப்ப அட்ஜஸ்ட்மென்ட் போட்டு நேர் பண்ணிடு. ஆடிட்டர் வர்றதுக்குள்ள மைனஸ் இருக்கக் கூடாது."

பையன் 40 மாத்திரையைக் கூட்டிப் பதிந்தான். திரையில் 30 மாத்திரை. அலமாரியிலும் 30 மாத்திரை. இருவருக்கும் நிம்மதி. ஆனால் மாஸ்டரில் பத்து பத்தாகவே நிற்கிறது. அடுத்த 20 அட்டை வந்ததும் அதே கதை மறுபடியும் தொடங்கும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த வித்தியாசம் மாதா மாதம் ஒரே அளவில் வராது. முழு அட்டையாக விற்கும்போது, வாங்கும்போது நேர்ந்த தப்பை விற்கும்போது நேரும் தப்பு ஈடுகட்டிவிடுகிறது. பத்து என்று ஏற்றியதைப் பத்து என்றே இறக்குகிறோம். உதிரியாகப் போகிற அட்டையில்தான் ஐந்து ஐந்தாக வித்தியாசம் விழுகிறது. உதிரி அதிகம் விற்ற மாதத்தில் வித்தியாசம் பெரிதாகவும், குறைந்த மாதத்தில் சிறிதாகவும் தெரியும். அதனால்தான் இது மாஸ்டரின் கோளாறு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆளுடைய கவனக்குறைவு மாதிரியே தெரிகிறது.

இதே தப்பு மற்ற ரிப்போர்ட்டுகளுக்குள்ளும் புகுந்துவிடும். திரும்ப வாங்க வேண்டியதைச் சொல்லும் ரிப்போர்ட் போன மாத விற்பனையை 210 மாத்திரை என்று எடுத்துக்கொண்டு, அதைப் பத்தால் வகுத்து, 21 அட்டை வாங்கு என்கிறது. உண்மையில் விற்றது 270 மாத்திரை, அதாவது 18 அட்டை. இருப்பைக் குறைத்துக் காட்டுகிற அதே கட்டம் ஆர்டரைக் கூட்டிக் காட்டுகிறது. கண்ணால் பார்த்து ஆர்டர் போடுகிறவர் இருந்தால் தப்பிக்கலாம். ரிப்போர்ட்டை அப்படியே ஸ்டாக்கிஸ்டுக்கு அனுப்புகிற கடையில் தேவைக்கு மேல் மூன்று மூன்று அட்டையாகச் சேர்ந்து, கடைசியில் எக்ஸ்பைரி பெட்டிக்குப் போகும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது உதிரி மாத்திரையின் விலை. சாஃப்ட்வேர் அட்டையின் எம்.ஆர்.பி.யை `PACK` எண்ணால் வகுத்துத்தான் உதிரி விலையைப் போடுகிறது. 45 ரூபாயைப் பதினைந்தால் வகுத்தால் மாத்திரைக்கு மூன்று ரூபாய். பத்தால் வகுத்தால் நாலரை ரூபாய். கையில் காசு குறைவாக இருப்பதால் பத்து மாத்திரை மட்டும் கேட்ட பெரியவர் முப்பது ரூபாய்க்குப் பதில் நாற்பத்தைந்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு முழு அட்டையின் விலை அது. முழு அட்டை வாங்கியவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. உதிரியாக வாங்குகிற ஏழைக்குத்தான் இந்தத் தப்பு விழுகிறது. கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியது வாங்கியதுதான். நம் மாதக் கணக்கில் 90 உதிரி மாத்திரைக்கு 270 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 405 ரூபாய் வந்திருக்கும். லாப ரிப்போர்ட்டில் அந்த மருந்து நல்ல லாபம் தருவதாகக்கூடத் தெரியும்.

பார்கோடு ஸ்கேன் செய்தால் இது தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் மருந்தின் அடையாள எண், பொதுப்பெயர், பிராண்டு, தயாரிப்பாளர் பெயர், பேட்ச், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் ஆகியவை இருக்கின்றன. மருந்து உண்மையானதா என்று பார்க்க வந்த ஏற்பாடு அது. அதற்கு இந்த விவரங்கள் போதும். அட்டையில் எத்தனை மாத்திரை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. உலக அளவில் பார்கோடு எண்களை ஒழுங்குபடுத்தும் ஜிஎஸ்1 அமைப்பின் விதிப்படி, உறைக்குள் இருக்கும் அளவு மாறினால் புது எண் தர வேண்டும். கம்பெனி அப்படியே புது எண் போட்டு அனுப்பினாலும், கடையில் ஸ்கேன் செய்தவுடன் 'இந்த எண் எந்த ஐட்டத்துக்கு?' என்று திரை கேட்கும்போது, பையன் பெயரைப் பார்த்துப் பழைய ஐட்டத்தோடு இணைத்துவிட்டால் எல்லாம் பழையபடிதான். ஸ்கேனர் எண்ணைப் படித்துக் கொடுக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற விவரத்தை நாம்தான் சரியாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்த கோளாறு, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது. கவுண்டரில் கூட்டம். ஸ்டாக்கிஸ்ட் பில்லில் இருக்கிற பெயரை அடித்துத் தேடினால் வரவில்லை. நடுவில் ஒரு இடைவெளியோ கோடோ வித்தியாசம். புது ஐட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இப்படித்தான் கடை மாஸ்டரில் இந்த மூன்றும் அக்கம்பக்கமாகச் சேர்கின்றன:

```
AMLODIPINE 5MG TAB
AMLODIPINE-5 TAB
AMLODIPIN 5 10S
```

கொள்முதல் ஒன்றில் ஏறுகிறது. விற்பனை இன்னொன்றில் இறங்குகிறது. ஒன்றில் பிளஸ் 120, மற்றதில் மைனஸ் 90 என்று நிற்கும். இரண்டையும் கூட்டினால் சரியாகத்தான் வரும். ஆண்டு முடிவில் மொத்த மதிப்பை மட்டும் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வான்ட் புக்குக்குப் பதிலாக ரிப்போர்ட்டைப் பார்த்து ஆர்டர் போடுகிறவருக்கு, இருக்கிற மருந்தையே 'இல்லை' என்று அது சொல்லும். எக்ஸ்பைரி லிஸ்ட் இன்னும் மோசம். என்றோ விற்றுப்போன பேட்ச் இன்னும் இருப்பதாக அது காட்டும். பையன் ரேக்கில் தேடிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்பான். நாலைந்து முறை இப்படி ஏமாந்தபின் அந்த லிஸ்டை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். உண்மையிலேயே காலாவதியாகப் போகிற மருந்தும் அந்த லிஸ்டில் இருந்திருக்கும். அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய கெடு தாண்டிவிடும். தப்பான ரிப்போர்ட்டால் வருகிற பெரிய நஷ்டம் இதுதான் என்பது என் கருத்து. அதில் உள்ள சரியான வரிகளையும் சேர்த்தே நம்பிக்கை இழக்க வைத்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, இரண்டு மருந்து ஒரே பெயரில் சேர்வதும் உண்டு. 5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் ஒரே ஐட்டத்தில். அடிக்கடி நடக்காது, நடந்தால் ஆபத்து. எண்ணிக்கை அச்சு அசலாக ஒத்துப்போகும். ஆனால் கேட்ட வீரியம் இருக்காது.

சின்னக் கடையில்தான் இப்படி, பெரிய கம்பெனியில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013 மார்ச்சில் கனடாவில் கடைகளைத் திறக்கத் தொடங்கியது. இரண்டு ஆண்டு முடிவதற்குள், 2015 ஜனவரியில், 133 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 17,600 பேருக்கு வேலை போயிற்று. விலை, கடைகள் அமைந்த இடம், அவசர அவசரமாகத் திறந்தது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் கிடங்கு நிரம்பி வழிய, கடை அலமாரி காலியாகக் கிடந்ததற்குப் பெரிய காரணம் ஐட்டம் மாஸ்டர். புது சாஃப்ட்வேரில் பல்லாயிரம் பொருள்களின் விவரத்தைக் குறுகிய காலத்தில் ஏற்றினார்கள். நீளம் போட வேண்டிய இடத்தில் அகலத்தைப் போட்டார்கள்; அங்குலமா சென்டிமீட்டரா என்ற குழப்பம்; பார்கோடு எண்ணில் இலக்கம் விட்டுப்போனது. ஒரு பெட்டி எத்தனை பெரியது என்பதே தப்பென்றால், அலமாரியில் எத்தனை நிற்கும், லாரியில் எத்தனை ஏறும் என்பதெல்லாம் தப்பாகத்தானே வரும்? கடைசியில் அலுவலக ஊழியர்களை உட்கார வைத்து, பொருள் பொருளாக விவரத்தைச் சரிபார்க்க வைத்தார்கள். அதற்குள் வாடிக்கையாளர்கள் காலி அலமாரியைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

அந்தக் கதையில் ஒரு பகுதி நம் எல்லோருக்கும் பாடம். ஒரு கடையில் பொருள் தீர்ந்தால் கிடங்கிலிருந்து தானாக அனுப்பச் சொல்லும் வசதி ஒன்று பொருளுக்குப் பொருள் இருந்தது. எத்தனை சதவீதப் பொருள்கள் கையிருப்பில் உள்ளன என்பதை வைத்து மதிப்பிடப்பட்ட ஊழியர்களில் சிலர், அந்த வசதியை வேண்டுமென்றே அணைத்து வைத்ததாகப் பின்னாளில் கனடியப் பத்திரிகைச் செய்தி வெளிவந்தது. அணைத்துவிட்டால் அந்தப் பொருள் 'தீர்ந்துவிட்டது' என்று ரிப்போர்ட்டில் வராது. தலைமையகத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிந்தது. கடையில் பொருள் இல்லை. மாஸ்டரில் யார் எதை மாற்றலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில், ரிப்போர்ட் எப்படி வர வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்துக்கொள்ள முடியும்.

சரி, ஸ்டாக் எடுத்தால் எல்லாம் நேராகிவிடாதா? மார்ச் 31-ஆம் தேதி கடையை மூடிவிட்டு ராத்திரி பூராவும் எண்ணுகிறார்களே? எண்ணுவது அவசியம்தான். ஆனால் எண்ணிய கணக்கையும் அதே மாஸ்டரில்தான் ஏற்றுகிறோம். இரண்டு அட்டை என்று எண்ணி '2 அட்டை' என்று அடித்தால் 20 மாத்திரை என்று ஏறும். மூன்று பெயரில் இருக்கிற மருந்தை எண்ணினால் எந்தப் பெயரில் ஏற்றுவது என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்? அன்று ஒரு நாள் கணக்கு நேராகும். ஏப்ரல் மாதமே மறுபடி கோணும். எண்ணி முடித்து இரண்டே மாதத்தில் அதே மருந்துகளில் வித்தியாசம் திரும்ப வந்தால், ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த மருந்துகளின் மாஸ்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

வித்தியாசத்தின் வடிவமே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். ஒன்றில் பிளஸ், பெயரில் அதை ஒத்த இன்னொன்றில் கிட்டத்தட்ட அதே அளவு மைனஸ் என்றால் அது இரட்டைப் பெயர். அட்டை உடைத்து உதிரியாக விற்கும் மருந்துகளில் மட்டும் வித்தியாசம் வருகிறது, முழுதாகவே விற்கும் சிரப் பாட்டிலிலும் களிம்பிலும் வருவதில்லை என்றால் அட்டைக் கணக்கைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. மருந்துப் பட்டியலை எக்ஸெலில் எடுத்து, எம்.ஆர்.பி.யை அட்டைக் கணக்கால் வகுத்து ஒரு பத்தி போட்டு, போன கொள்முதலில் இருந்த அதே விலையோடு ஒப்பிடுங்கள்.

```
MRP ÷ PACK
```

மாத்திரை விலை சில சதவீதம் ஏறியிருந்தால் அது வழக்கமான விலையேற்றம். ஒரேயடியாக ஒன்றரை மடங்கு ஆகியிருந்தால் கம்பெனி அநேகமாக அட்டையை மாற்றியிருக்கிறது, கடை மாற்றவில்லை. ரேக்குக்குப் போய் ஒரு அட்டையைக் கையில் எடுத்து எண்ணினால் தெரிந்துவிடும். வித்தியாசத்துக்கு எந்த வடிவமும் இல்லாமல், விலை கூடிய மருந்துகளில் மட்டும், ஒருபக்கமாகக் குறைந்துகொண்டே வருகிறது என்றால் அது வேறு விஷயம். மாஸ்டரைத் திருத்தினால் திருட்டு நிற்காது. ஏறாத பில்லும் ஏறாது. ஆனால் மாஸ்டர் சுத்தமாக இருந்தால்தான் அந்தத் திருட்டே கண்ணுக்குத் தெரியும்.

திருத்துவதிலும் ஒரு முறை உண்டு. அட்டை பத்திலிருந்து பதினைந்தாக மாறினால், பழைய ஐட்டத்திலேயே பத்தை அடித்துப் பதினைந்து ஆக்குவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் பழைய அட்டை ரேக்கில் மிச்சம் இருக்கும்போது அதுவும் பதினைந்தாகிவிடும் அபாயம் உண்டு. போன மாத விற்பனையும் தலைகீழாகத் தெரியலாம். புது அட்டைக்குப் புது ஐட்டம் போட்டு, பழையது விற்றுத் தீர்ந்ததும் அதில் இனி கொள்முதல் ஏறாதபடி பூட்டுவதே நல்லது. அழிக்கக் கூடாது, பழைய பில்கள் அதில்தான் நிற்கின்றன. இதில் ஒரு சங்கடம் இருப்பதையும் சொல்ல வேண்டும். புது ஐட்டத்துக்கு விற்பனை வரலாறு இருக்காது. முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஆர்டர் ரிப்போர்ட்டை நம்பாமல், பழையதையும் புதியதையும் மாத்திரைக் கணக்கில் கூட்டிப் பார்த்து, கையால்தான் ஆர்டர் போட வேண்டும்.

இரட்டைப் பெயர்களுக்கு, எது நிலைக்க வேண்டும் என்று முடிவுசெய்து, மற்றதில் இருக்கிற இருப்பை அதற்கு மாற்றி, மற்றதைப் பூட்ட வேண்டும். அதைவிட முக்கியம், புதிதாக இரட்டைப் பெயர் பிறக்காமல் பார்ப்பது. கவுண்டரில் இருக்கிற எல்லோருக்கும் புது ஐட்டம் போடும் அனுமதி இருக்கக் கூடாது. ஒருவர் மட்டும் போட வேண்டும். அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போட வேண்டும், ஸ்டாக்கிஸ்ட் பில்லைப் பார்த்து அல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கியதிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளைப் பொதுப்பெயரில், மையமாக முடிவுசெய்த பட்டியலின்படி வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. என்ன மருந்து, என்ன பெயர் என்பதை ஒரே இடத்தில் தீர்மானிக்கிற முறை அது. தனியார் கடையில் ஆயிரக்கணக்கான பிராண்டுகளை வைத்துக்கொண்டு அந்த அளவுக்குச் சுருக்க முடியாது. ஆனாலும் பெயரை யார் வைப்பது என்பதையாவது ஒரு கைக்குள் கொண்டுவரலாம்.

எல்லா ஐட்டத்தையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்ய இறங்கினால் பாதியில் நின்றுவிடும். அதிகம் விற்கிற, உதிரியாகப் போகிற மாத்திரைகளில் தொடங்குங்கள். வரும் மார்ச்சில் ஸ்டாக் எடுக்கத் தேதி குறிக்கிற முதலாளிகள், அதற்கு இரண்டு வாரம் முன்பே ஐட்டம் மாஸ்டரை அகர வரிசையில் பிரின்ட் எடுத்து, ஒரு பேனாவோடு ரேக் முன்னால் நில்லுங்கள். பட்டியலைச் சரிசெய்த பிறகு எண்ணுங்கள். உதிரியாக மாத்திரை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பில்லில் உங்களுக்குப் போட்ட விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து, அட்டையின் எம்.ஆர்.பி.யோடு ஒத்துவருகிறதா என்று பார்த்துக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அந்தக் கடையின் ஸ்டாக் ரிப்போர்ட்டுக்கும் அது நல்லது.